சோதினை மண்டபமும் கைக்குழந்தையும்: எக்ஸ்ட்ரா ரைம் கேக்கிறதா, மணிக்கூட்ட நிப்பாட்டச் சொல்லுறதா?

பால் குடுக்கிற அம்மா ஒராள் சோதினைக்கு விண்ணப்பிக்கிறா எண்டால் பக்கத்தில இருக்கிற எல்லாரும் சொல்லுற முதல் புத்தி "எக்ஸ்ட்ரா ரைம் கேளும் பிள்ளை" எண்டுறதுதான். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதைக் கேட்டுத்தான் கனபேர் மாட்டுப்படுகினம். எக்ஸ்ட்ரா ரைம் எண்டுறது வாசிக்க எழுத மற்ற ஆக்களவிட நேரம் எடுக்கிறவைக்கு வைச்ச ஏற்பாடு, கண் பார்வை குறைஞ்ச ஆக்கள், கையால வேகமா எழுத ஏலாத ஆக்கள், வாசிப்பில சிக்கல் இருக்கிற ஆக்கள். பால் குடுக்கிற அம்மா எழுதுற வேகம் பிள்ளை பிறக்க முன்னம் இருந்த வேகம்தான், அவவுக்கு வேண்டியது இடையில எழும்பி வெளிய போய் பிள்ளைக்குக் குடுத்திட்டோ பாலை எடுத்திட்டோ திரும்பி வர ஒரு வழி, அந்த நேரத்துக்கு மணிக்கூடு ஓடாம நிக்கோணும், அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் சின்ன விசயம் மாதிரித் தெரியும், ஆனா பேப்பரில வரேக்க பெரிசு. எக்ஸ்ட்ரா ரைம் எண்டு கேட்டால் அதைப் பாக்கிற அலுவலர் "இவ ஏன் மெதுவா எழுதுவா?" எண்டதுக்குக் காரணம் தேடுவார், மெடிக்கல் கடிதத்தில அப்பிடி ஒண்டும் இருக்காது, மறுத்துப்போடுவார். இன்னும் மோசம் அவர் இரக்கப்பட்டு ஓம் எண்டு சொல்லுறது. 3 மணித்தியாலப் பேப்பருக்குக் கடைசியில அரை மணித்தியாலம் கூட்டிக் குடுத்தால் என்ன நடக்கும்? பால் கட்டின நெஞ்சோட 3 மணித்தியாலம் இருக்க ஏலாத ஒராள் மூண்டரை மணித்தியாலம் இருக்கோணும். உதவி எண்டு குடுத்தது உபத்திரவமாப் போயிடும்.

6 மாசத்துக்குக் கீழ தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை பகலில பொதுவா ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காக் குடிக்கும். உடம்பும் அந்தக் கணக்குக்குப் பழகியிருக்கும், பிள்ளை குடிக்காட்டியும் பால் ஊறிக்கொண்டுதான் இருக்கும். நாலு மணித்தியாலம் தாண்டினால் நெஞ்சு கல்லு மாதிரி இறுகி நோகத் தொடங்கும், சட்டை நனையும், சிலபேருக்கு பால் நாளம் அடைச்சு சிவந்து வீங்கி காய்ச்சலில கொண்டுபோய் விடும். வெளிய எங்கயோ ஒரு பிள்ளை அழுற சத்தம் கேட்டாலே பால் இறங்குற அம்மாமார் இருக்கினம், பள்ளிக்கூட மண்டபத்தில நடக்கிற சோதினைக்கு இது ஒண்டும் கற்பனை இல்ல.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பாப்பம். கொக்குவிலில இருக்கிற ஒரு அக்கா எண்டு வையுங்கோ, அரச வேலை, 4 மாசப் பிள்ளை, பதவி உயர்வுக்கான சோதினை ஒண்டு. ஒரே நாளில ரெண்டு பேப்பர், காலமை 9 மணியில இருந்து 12 மணி வரை, பிறகு 1 மணியில இருந்து 4 மணி வரை. சென்ரர் யாழ்ப்பாண ரவுணுக்குள்ள ஒரு பள்ளிக்கூடம். எட்டரைக்கு உள்ளுக்க நிக்கோணும் எண்டால் வீட்டில இருந்து எட்டு மணிக்காவது வெளிக்கிடோணும், அப்ப கடைசியாப் பால் குடுக்கிறது ஏழேமுக்காலுக்கு. ஏற்பாடு ஒண்டும் இல்லாட்டி அடுத்தது 12 மணி தாண்டித்தான், அது நாலேகால் மணித்தியால இடைவெளி. மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்குக் குடுத்திட்டு உள்ளுக்க போனால் திரும்ப 4 மணி தாண்டும். பின்னேரத்தை ஒருமாதிரிச் சமாளிக்கலாம், காலமைப் பேப்பரின்ர கடைசி ஒரு மணித்தியாலம்தான் சிக்கல்.

இனி அவ பத்தேகாலுக்கு எழும்பிப் போறா எண்டு வையுங்கோ. நடக்க, பிள்ளையைத் தூக்க, குடுக்க, திரும்பி வந்து இருக்க 25 நிமிசம் போகும், பம்ப் பண்ணுறதெண்டால் பூட்ட, எடுக்க, துடைக்க எண்டு அரை மணித்தியாலம். மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தால், 5 கேள்வி இருக்கிற 180 நிமிசப் பேப்பரில ஒரு கேள்விக்கு 36 நிமிசம், 25 நிமிசம் போனால் ஒரு கேள்வியில மூண்டில ரெண்டு பங்கு போச்சு. கேள்விக்கு 20 புள்ளி எண்டால் 13, 14 புள்ளிக்கு எழுத நேரம் இல்ல. ரொய்லெற்றுக்குப் போறதுக்கு நோக்குநர் விடுறார் தானே, அதே மாதிரிப் போயிட்டு வரலாம் எண்டு நினைக்கிறவை இந்தக் கணக்கைப் பாக்கிறேல்ல. அது மணிக்கூடு ஓடுற இடைவேளை.

மணிக்கூட்ட நிப்பாட்டினால் அவவுக்குப் பேப்பர் 12.25 க்கு முடியும். இங்கதான் இன்னொரு முடிச்சு. மத்தியானப் பேப்பர் 1 மணிக்கு, அதுக்குள்ள 35 நிமிசம், அதில பிள்ளைக்குத் திரும்பக் குடுத்து, தானும் ரெண்டு வாய் சாப்பிட்டு, ரொய்லெற்றுக்குப் போய் வரோணும். அதனால கேக்கேக்கயே ரெண்டாவது பேப்பரை 20, 25 நிமிசம் பிந்தித் தொடங்க விடச் சொல்லிக் கேக்கோணும். சோதினை நடத்துறவை இதுக்குப் பயப்படுறதுக்கும் காரணம் இருக்கு, மற்ற ஆக்கள் 1 மணிக்குக் கேள்வித்தாளைப் பாத்திடுவினம், 1.25 வரை இவ வெளிய போனோட நிண்டால் கேள்வி வெளிய வந்திட்டுது எண்டு ஒரு கதை கிளம்பும். அதுக்கு வழமையாச் செய்யிறது 1 மணிக்கு முன்னமே அவவை ஒரு பெண் அலுவலரின்ர கண்ணுக்கு முன்னால, போன் இல்லாம, தனி அறையில இருத்துறது. இதை அவையாச் சொல்ல முன்னம் நீங்களே கடிதத்தில எழுதினால் பாதிப் பயம் தீரும். பால் குடுக்கேக்கயும் இதே சட்டம்தான், துணைக்குப் பெண் அலுவலர் நிப்பா, புத்தகம் குறிப்பு ஒண்டும் கிட்ட இருக்கக்கூடாது, பிள்ளையைக் கொண்டுவாற ஆளோட சோதினையைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக்கூடாது.

பிள்ளையைக் கொண்டுவாற ஆள் ஆர் எண்டதைக் கனபேர் யோசிக்கிறேல்ல. சோதினை நடக்கிற பள்ளிக்கூடத்துக்குள்ள வெளியாக்களை விடமாட்டினம், கேற்றடியில நிக்கிற பொலிசுக்கு உங்கட வீட்டுக் கதை தெரியாது. அம்மம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்க ரோட்டில நிக்க, உள்ளுக்க அம்மா பாத்துக்கொண்டிருக்க, அனுமதிச்ச 25 நிமிசத்தில பத்து நிமிசம் கேற்றடி வாக்குவாதத்திலயே போயிடும். ஆள் பேர், அடையாள அட்டை இலக்கம், எந்த அறையில இருப்பா எண்டது எல்லாம் அனுமதிக் கடிதத்தில வரோணும். பெத்த அம்மாவோ மாமியாரோ எண்டதை முதலே முடிவு பண்ணுறது நல்லது, கடைசி நேரத்தில ஆள் மாறினால் கடிதமும் மாறோணும்.

மணிக்கூட்ட நிப்பாட்டுறது சலுகையா உரிமையா எண்டு கோட்டில வாதாடித் தீர்ந்த ஒரு வழக்கு இருக்கு. அமெரிக்காவில ஹார்வர்டில படிச்ச சோஃபி கரியர் எண்ட மருத்துவ மாணவி, 2007 ல டொக்டர் லைசென்ஸுக்கான ரெண்டாம் கட்டச் சோதினைக்குப் போகேக்க அவவுக்குக் கைக்குழந்தை ஒண்டு இருந்தது. அவவுக்கு வாசிப்பில இருந்த சிக்கலுக்காகச் சோதினையை ரெண்டு நாளாப் பிரிச்சு ஏற்கனவே குடுத்திட்டினம், ஆனா நாளுக்கு 45 நிமிசம் எண்ட இடைவேளையைக் கூட்டச் சொல்லிக் கேக்க, தாய்ப்பால் குடுக்கிறது ஊனம் இல்ல, எங்கட சட்டத்தில ஊனத்துக்குத்தான் இடம் எண்டு சோதினைச் சபை மறுத்திட்டுது. பம்ப் பண்ணத் தனி அறை தாறம், இடைவேளை கூட்ட ஏலாது எண்டது அவையின்ர பதில். அந்த 45 நிமிசத்துக்குள்ள பம்ப் பண்ணவும் சாப்பிடவும் ரொய்லெற்றுக்குப் போகவும் வேணும் எண்டால் மற்ற ஆக்களுக்குக் கிடைச்ச ஓய்வு எனக்குக் கிடைக்கேல்ல எண்டது அவவின்ர வாதம். கீழ்க் கோட்டில தோத்து, மேன்முறையீட்டில நாளுக்கு 60 நிமிசம் கூடக் குடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது, 2012 ல மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றமும் அவவின்ர பக்கம்தான் நிண்டது. கவனியுங்கோ, அவ கேள்வி செய்யக் கூட நேரம் கேக்கேல்ல, இடைவேளையைத்தான் கேட்டவ.

அந்தத் தீர்ப்பு இங்க ஆரையும் கட்டுப்படுத்தாது எண்டது உண்மைதான். ஆனா எங்கட நாட்டிலயும் வேலைத்தலத்துக்கு இதே யோசினை கனகாலமா இருக்கு. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை இருக்கிற வேலைக்காரப் பெண்ணுக்கு நாளுக்கு ரெண்டு பாலூட்டுற இடைவேளை குடுக்கோணும், பிள்ளை பராமரிக்கிற இடம் அங்கயே இருந்தால் ஒவ்வொரு இடைவேளையும் அரை மணித்தியாலம், இல்லாட்டி ஒரு மணித்தியாலம். சோதினை மண்டபம் வேலைத்தலம் இல்லத்தான், எண்டாலும் கடிதத்தில இதை ஒரு வரி எழுதுறதில நட்டம் இல்ல. வாசிக்கிற அலுவலருக்கு இது வெளிநாட்டு ஆக்களின்ர பவிசு இல்ல எண்டு விளங்கும்.

கடிதம் எண்டு வந்தால், டொக்டர் எழுதித் தாறதுதான் எல்லாத்துக்கும் அடி. "இவர் பாலூட்டும் தாய்" எண்டு ஒரு வரியில எழுதிச் சீல் அடிச்சுத் தந்தால் அது பிள்ளை இருக்கெண்டதுக்குச் சாட்சி, அதுக்குமேல ஒண்டும் இல்ல. பிள்ளையின்ர பிறந்த திகதி, தாய்ப்பால் மட்டும்தான் குடிக்குதோ, எத்தினை மணித்தியாலத்துக்கு ஒருக்கா, குடுக்காம விட்டால் அம்மாவுக்கு என்ன வரும், சோதினை நாளில எத்தினை தரம் எத்தினை நிமிசம் வேணும், இவ்வளவும் இருக்கோணும். முதல் ஒருக்கா நெஞ்சில கிருமித் தொற்று வந்திருந்தால் அதையும் போடச் சொல்லுங்கோ. கிளினிக்கில தந்த பிள்ளையின்ர சுகாதாரப் பதிவேட்டின்ர கொப்பியும் சேத்து அனுப்பலாம். விண்ணப்பத்தோடயே அனுப்புறதுதான் சரி, விண்ணப்பிக்கேக்க பிள்ளை வயித்தில எண்டால் "இந்தத் திகதி அளவில பிள்ளை பிறக்கும், சோதினை நேரம் பால் குடுத்துக்கொண்டிருப்பன்" எண்டு அப்பவே எழுதலாம், அதில வெக்கப்பட ஒண்டுமில்ல.

இன்னொண்டு, அனுமதி குடுக்கிறது பத்தரமுல்லையில இருக்கிற பரீட்சைத் திணைக்களம், மண்டபத்தில நிக்கிறது இங்கத்தைய மேற்பார்வையாளர். ரெண்டுக்கும் நடுவில கடிதம் நிண்டுபோற சந்தர்ப்பம் இருக்கு. அனுமதிக் கடிதத்தின்ர கொப்பி ரெண்டை அனுமதி அட்டையோட வைச்சுக்கொண்டு, சோதினைக்கு முதல் நாளே சென்ரருக்குப் போய் மேற்பார்வையாளரைக் கண்டு கதைச்சு, அறை எது எண்டு கண்ணால பாக்கோணும். ரொய்லெற்றைக் காட்டி "இதுக்க செய்யுங்கோ" எண்டு சொன்னால் அங்கயே இல்லை எண்டு சொல்லிப்போடுங்கோ. கதவு பூட்டக்கூடிய, யன்னல் மறைச்ச ஒரு வகுப்பறையும் ஒரு கதிரையும் போதும், எந்தப் பள்ளிக்கூடத்திலயும் அது இருக்கும்.

கொழும்புக்குப் போய்க் கொம்பியூட்டரில எழுதுற சோதினையள் வேற கதை. பியர்சன் வியூ மாதிரிச் சென்ரருகளில மண்டபத்துக்குள்ள பொக்கற் கூட வெறுமையா இருக்கோணும், சாமான் எல்லாம் லொக்கருக்க. பம்பைக் கொண்டுபோறதெண்டால் அதுக்கும் முதலே அனுமதி கேட்டு வைக்கோணும். இப்ப வாற பம்புகள் சிலது போனோட இணைச்சு ஓடுறது, இடைவேளையில போனைத் தொட்டாலே சோதினை ரத்து எண்டுற இடத்தில அது உதவாது, கையால அமத்திற பம்போ பட்டன் மட்டும் இருக்கிற பற்றரிப் பம்போதான் பாதுகாப்பு. சத்தமில்லாத பம்பைச் சட்டைக்குள்ள போட்டுக்கொண்டே இருந்து எழுதலாம் எண்டு நினைக்கிறவை, தயவுசெய்து சொல்லாமக் கொள்ளாம அப்பிடிச் செய்யாதேங்கோ, சோதிக்கிற ஆளுக்கு அது உடம்பில கட்டின ஒரு மின்சாதனம்.

எடுத்த பாலை என்ன செய்யிறது எண்டதும் இருக்கு. 25 பாகைக்குக் கீழ எண்டால் வெளிய 4 மணித்தியாலம் வைக்கலாம் எண்டுதான் கணக்கு, எங்கட வெயிலுக்கு அந்தக் கணக்கு வாய்க்காது. ஐஸ் கட்டி வைச்ச மூடின பெட்டியில 24 மணித்தியாலம் நிக்கும். யாழ்ப்பாணம் கொழும்பு 400 கிலோமீற்றர் அளவு, இரவு பஸ்ஸில போய்க் காலமை சோதினை எழுதித் திரும்ப இரவு பஸ்ஸில வாறது பிள்ளை இல்லாத காலத்துப் பழக்கம். பிள்ளையை வீட்டில விட்டிட்டுப் போனால் ஒரு முழு நாளுக்கு மேல பிரிஞ்சிருக்கோணும், அதுக்குள்ள ஐஞ்சாறு தரமாவது பால் எடுக்கோணும், பஸ்ஸுக்கயும். ஏலுமெண்டால் பிள்ளையையும் ஒராளையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே போய் சென்ரருக்குக் கிட்ட நிக்கிறதுதான் நல்லது. செலவுதான், என்ன செய்யிறது.

அலைச்சல் வேண்டாம், வீட்டில இருந்தே ஒன்லைனில எழுதுவம் எண்டு யோசிக்கிறவை அதிகம். கைக்குழந்தை இருக்கிற ஆளுக்கு உண்மையில அதுதான் ஆபத்து. கமராவுக்கு முன்னால இருந்து எழும்பினால் கனக்க சோதினையள் அந்த இடத்திலயே முடிஞ்சு போகும், அறைக்குள்ள இன்னொரு ஆள் வந்தாலும் அதே. அம்மம்மா கதவைத் திறந்து "பிள்ளை அழுறான், ஒருக்காத் தூக்கன்" எண்டு தலையை நீட்டினால் கட்டின காசு போச்சு. இடைவேளை அனுமதிக்கிற சோதினையோ எண்டதைக் காசு கட்ட முன்னம் பாக்கோணும், இல்லாட்டி சென்ரர்தான் நல்லது.

கர்ப்பிணி ஆக்களுக்கு இதே யோசினைதான், சுருக்கமாச் சொல்லுறன். கீழ் மாடி, ரொய்லெற்றுக்குக் கிட்ட ஓரக் கதிரை, தண்ணிப் போத்தல், முதுகுக்கு ஒரு தலையணி, எழும்பி நடக்க மணிக்கூடு நிக்கிற சின்ன இடைவேளை, இதெல்லாம் வழமையாக் குடுக்கிற ஏற்பாடுகள். ஆனா கர்ப்பம் எண்டதை மட்டும் காரணமாக் காட்டினால் பொதுவா எடுபடாது, அதால வாற கஷ்டத்தைச் சொல்லோணும். லண்டன் ஏ.எல் மாதிரிச் சோதினையளுக்கு இங்கிலாந்தில பொது விதி போடுற ஜேசிகியூ எண்ட அமைப்பு இதை நேராவே எழுதி வைச்சிருக்கு. சோதினை முடிஞ்ச பிறகு குடுக்கிற புள்ளிச் சலுகையில கர்ப்பத்தால வாற பாதிப்புக்கு 2 வீதம், கர்ப்பம் எண்டதுக்காக மட்டும் ஒண்டும் இல்ல. 2 வீதம் எண்டால் 80 புள்ளிப் பேப்பரில ஒண்டரைப் புள்ளி சொச்சம். மேல பாத்த 13 புள்ளியோட இதை ஒப்பிட்டால், சோதினைக்குப் பிறகு கேக்கிறது எவ்வளவு வீண் எண்டு தெரியும். பிரசவத் திகதிக்கு முன்பின் ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள சோதினை விழுந்தால் நானெண்டால் ஏற்பாடு கேக்கிறதை விட்டிட்டு அடுத்த தவணைக்கு மாத்தித் தரச் சொல்லித்தான் கேப்பன், திகதி சொன்ன நாளில பிள்ளை பிறக்கிறது குறைவு. ஆஸ்பத்திரியிலயே வைச்சுச் சோதினை நடத்துறதும் இங்க புதுசில்ல, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில பொதுப் பரீட்சையளுக்கு சென்ரர் போடுறவை, ஆனா அதெல்லாம் முதலே ஒழுங்குபடுத்தினால்தான்.

கை முறிஞ்ச ஆக்களுக்கெண்டால் எக்ஸ்ட்ரா ரைம் எண்ட சொல்லு பொருந்தும். வலது மணிக்கட்டில பிளாஸ்ரர் போட்டால் பொதுவா ஆறு கிழமை, கழட்டின பிறகும் பேனை பிடிச்சு ரெண்டு பக்கம் எழுதக் கை ஒத்துழைக்காது. கனபேர் விடுற பிழை இதுதான், மெடிக்கல் கடிதத்தில விபத்து நடந்த திகதியும் பிளாஸ்ரர் கழட்டுற திகதியும் மட்டும் இருக்கும், சோதினை அதுக்கு ஒரு கிழமை பிந்தி எண்டால் "அப்ப சுகம் தானே" எண்டு மறுப்பினம். சோதினைத் திகதியைக் குறிப்பிட்டு அண்டைக்கு எவ்வளவு நேரம் தொடர்ந்து எழுத ஏலும் எண்டு எழுதச் சொல்லோணும். கிடைக்கிறது மூண்டில ஒண்டு, கூடின நேரம், ஒத்தைக் கையால ரைப் பண்ண கொம்பியூட்டர், இல்லாட்டி நீங்க சொல்லச் சொல்ல எழுதுற ஒராள்.

எழுத ஆள் கிடைச்சால் தப்பிச்சம் எண்டு நினைக்காதேங்கோ. சொல்லி எழுதிப் பழகாத ஆளுக்கு அது கையால எழுதுறதைவிட மெதுவு, வரலாறு, தமிழ் எண்டால் சமாளிக்கலாம், கணக்கில பின்னமும் அடைப்புக்குறியும் வாயால சொல்லேக்க எழுதுற ஆள் வேறமாதிரி விளங்கிக்கொள்ளுவார், உயிரியல் படம் கீறுறதை "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" எண்டு சொல்லிக்கொண்டிருக்கோணும். மொழிச் சோதினை எண்டால் எழுத்துக்கூட்டலுக்குப் புள்ளி இருக்கிற இடத்தில ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாச் சொல்லச் சொல்லுவினம். அனுமதி கிடைச்ச அண்டைக்கே பழைய பேப்பர் ஒண்டை எடுத்து வீட்டில தம்பியையோ தங்கச்சியையோ இருத்தி முழுசாச் சொல்லி எழுதிப் பாருங்கோ, முதல் கேள்வியிலயே தெரியும் எழுத ஆள் வேணுமோ, கொம்பியூட்டர் வேணுமோ, அல்லது அடுத்த முறைக்கு விடுறதோ எண்டு. மாத்திக் கேக்கிறதெண்டால் அப்பவே கேக்கோணும், மண்டபத்துக்குள்ள போய் இருந்த பிறகு மேற்பார்வையாளருக்கு அதை மாத்த அதிகாரம் இல்ல.